தொட்டால் மினுக்கும் மேசை விளக்கு: பழுது ஹோல்டரிலா, சுவிட்சிலா, வயரிலா?

"எங்கள் வீட்டில் இரும்பு அடிப்பாகமும் வளைந்த தண்டும் உள்ள பழைய மேசை விளக்கு ஒன்று இருக்கிறது. கையால் தொட்டாலோ தலையைத் திருப்பினாலோ மினுக்குகிறது. சில நேரம் அணைந்தே போகிறது. புது எல்இடி பல்பு போட்டும் அப்படியேதான். சுவிட்சை இரண்டு மூன்று தடவை அழுத்தினால்தான் எரிகிறது. அடியில் வயரும் கொஞ்சம் பிய்ந்திருக்கிறது. ஹோல்டரா, சுவிட்சா, வயரா, எதை மாற்ற வேண்டும்? அதுவரை பயன்படுத்தலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பயன்படுத்த வேண்டாம். இப்போதே பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவி வைத்துவிடுங்கள். விளக்கின் சுவிட்சை மட்டும் அணைத்து வைப்பது போதாது, ஏனென்றால் அந்தச் சுவிட்ச் இரண்டு வயர்களில் ஒன்றைத்தான் துண்டிக்கிறது. பழைய மேசை விளக்குகளில் பெரும்பாலும் இரண்டு பின் பிளக்தான் இருக்கும். அதைத் திருப்பிச் செருகினால் பேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிடும். அப்படி மாறிய நிலையில், விளக்கு அணைந்திருந்தாலும் சுவிட்ச் இல்லாத பக்கத்து வயர் வழியாக ஹோல்டர் வரையிலும், பல்பைத் தாண்டிச் சுவிட்ச் வரையிலும் 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும்.

உங்கள் விளக்கில் என்னைக் கவலைப்படுத்துவது மினுக்கல் அல்ல, இரும்பு அடிப்பாகத்துக்குள் நுழையும் இடத்தில் வயர் பிய்ந்திருப்பதுதான். பிய்ந்த இடத்தில் பேஸ் வயரின் ஒரு செப்பு இழை தகட்டைத் தொட்டாலே விளக்கின் உடல் முழுவதும் பேஸ் ஏறிவிடும். இரண்டு பின் பிளக்கில் எர்த் கிடையாது. ஆகவே அந்த நேரத்தில் எதுவும் டிரிப் ஆகாது, விளக்கும் வழக்கம்போல் எரிந்துகொண்டிருக்கும். யாராவது வெறுங்காலுடன் தரையில் நின்று அதைத் தொடும்போதுதான் மின்சாரத்துக்குத் தரைக்கு வழி கிடைக்கும். தரைக்குக் கசியும் மின்சாரத்தைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இருந்தால் அந்தக் கணத்தில் அது விழும். எம்சிபி மட்டும் இருந்தால் விழாது. ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான் அது விழும். லூஸ் கனெக்ஷனில் பொறி பறப்பதை இரண்டுமே கண்டுகொள்வதில்லை, ஏனென்றால் பொறி பறக்கும்போது ஓடும் மின்சாரம் விளக்கு எடுக்கும் அளவைவிடக் கூடுவதும் இல்லை, தரைக்குக் கசிவதும் இல்லை. டிரிப் ஆகவில்லை என்பதை வைத்து விளக்கு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

விளக்கைப் பிரிக்கும் முன் சாக்கெட்டைப் பார்த்துவிடுவது நல்லது. அதே சாக்கெட்டில் நன்றாக இருக்கும் வேறொரு விளக்கைச் செருகி, அதன் பிளக்கை லேசாக அசைத்துப் பாருங்கள். அதுவும் மினுக்கினால் சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடிகள் விரிந்து போயிருக்கின்றன என்று பொருள். நீங்கள் சொல்லும் மற்ற அறிகுறிகளோடு இதுவும் சேர்ந்திருக்கலாம். இன்னொரு கேள்வியையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விளக்கு அசையாமல், விரல் நுனி பட்டவுடனேயே மினுக்குகிறதா, அல்லது தொடும்போது சிறிதாவது அசைந்தால்தான் மினுக்குகிறதா? தொட்டாலே எரியவும் அணையவும் கூடிய டச் விளக்குகளுக்கு மட்டும்தான் முதல் வகைப் பழுது பொதுவானது. அது உள்ளிருக்கும் மின்னணுப் பலகையின் வேலை. சுவிட்ச் உள்ள உங்கள் விளக்கில் அநேகமாக இரண்டாவதுதான் நடக்கிறது, அதாவது எங்கோ ஒரு தொடர்பு அசைவில் விட்டு விட்டுச் சேர்கிறது. தொடும்போது விரலில் சுருசுருவென்று உணர்ந்திருந்தால் மட்டும் கீழே சொல்லும் சோதனை எதையும் செய்து பார்க்காமல் விளக்கை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

இனி, எந்த இடத்தில் பழுது என்ற கேள்வி. இதில் பலரும் தடுமாறுவதற்குக் காரணம் ஒன்றுதான்: கை பட்ட இடத்தில்தான் பழுது இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பல்பை ஆட்டினால் மினுக்குகிறது, ஆகவே ஹோல்டர் போய்விட்டது என்று கடைக்குப் போய்ப் புது ஹோல்டர் வாங்கி வருகிறார்கள். ஆனால் மேசை விளக்கில் பல்பை ஆட்டினால் தலை அசையும், தலை அசைந்தால் தண்டு அசையும், தண்டுக்குள் போகும் வயர் இழுபடும், அந்த இழுப்பு அடிப்பாகத்தில் உள்ள சுவிட்ச் முனை வரை போகும். ஒரு தொடலில் மூன்று இடங்களும் சேர்ந்தே அசைகின்றன. எனவே ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டு மற்றொன்றை மட்டும் அசைத்துப் பார்ப்பதுதான் சோதனையின் உயிர். அதையும் மின்சாரத்தோடு செய்யக் கூடாது. பிளக்கை உருவிவிட்டு, மல்டிமீட்டரைக் கொண்டு செய்ய வேண்டும்.

இதற்கு எல்இடி பல்பு உதவாது, ஏனென்றால் அதற்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் மீட்டருக்குப் பொருளுள்ள ஓம் கணக்கு எதையும் காட்டாது. வீட்டில் எங்காவது பழைய குண்டு பல்பு, இழை அறாத 60 வாட் பல்பு, கிடந்தால் எடுத்து வந்து ஹோல்டரில் மாட்டுங்கள். விளக்கின் சுவிட்சை எரியும் நிலையில் வையுங்கள். மீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்து அதன் இரண்டு முனைகளையும் பிளக்கின் இரண்டு பின்களிலும் முதலைக் கிளிப்பால் கவ்வ விடுங்கள். குளிர்ந்த 60 வாட் பல்பு 60 முதல் 75 ஓம் வரை ஏதாவது ஓர் எண்ணைக் காட்டும். எரியும்போது அதே இழை சூடாகி ஏறத்தாழ 880 ஓம் ஆகிவிடும் என்பதால், இந்த எண் குறைவாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். நமக்குத் தேவை அந்த எண் அசையாமல் நிற்கிறதா என்பது மட்டும்தான். இப்போது இரண்டு கைகளும் உங்களுக்கு ஓய்வாக இருக்கின்றன. ஹோல்டரின் கூட்டை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு பல்பை மட்டும் அசையுங்கள். பிறகு தண்டின் அடியைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் திருப்புங்கள். பிறகு எதையும் தொடாமல் சுவிட்சை மட்டும் போட்டு எடுங்கள்; அணைக்கும்போது எண் மறைவது இயல்பு, போடும்போதெல்லாம் அதே எண் திரும்ப வர வேண்டும். கடைசியாக வயரைப் பிளக்கிலிருந்து தொடங்கி விரல்களுக்கிடையே மெல்ல வளைத்தபடி அடிப்பாகம் வரை கொண்டு போங்கள். எந்த அசைவில் எண் துள்ளுகிறதோ, அல்லது திரையில் எண் மறைந்து திறந்த சர்க்யூட் என்று காட்டுகிறதோ, அங்கே பழுது இருக்கிறது.

ஒரே இடம் அகப்பட்டதும் நிறுத்திவிடாமல் எல்லா இடங்களையும் அசைத்து முடியுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்களுடையதைப் போன்ற ஒரு விளக்கு என்னிடம் வந்தது: அழுத்தித் தயாரித்த இரும்புத் தகட்டு அடிப்பாகம், அதில் ஒரு புஷ் பட்டன் சுவிட்ச், மேலே வளைந்த குழாய், நுனியில் பித்தளைப் பின் ஹோல்டர். வைத்திருந்தவர் பல்பை மாற்றியிருந்தார், ஹோல்டரையும் மாற்றியிருந்தார், மினுக்கல் மட்டும் போகவில்லை. மேலே சொன்னபடி குண்டு பல்பை மாட்டி மீட்டரை இணைத்தபோது, ஹோல்டரைப் பிடித்துக்கொண்டு பல்பை ஆட்டினால் எண் நகரவில்லை. புது ஹோல்டர் நன்றாகவே இருந்தது. தலையைத் திருப்பியபோது எண் சில நேரம் துள்ளியது, சில நேரம் துள்ளவில்லை. அடிப்பாகத்தின் துளைக்கு வெளியே இரண்டு விரற்கடை தூரத்தில் வயரை வளைத்தபோது மட்டும் ஒவ்வொரு தடவையும் எண் மறைந்தது.

அடுத்து பல்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதைகளையும் தனித்தனியே அளந்தேன். பிளக்கின் ஒரு பின்னிலிருந்து, ஹோல்டருக்குள் பல்பைத் தொடும் இரண்டு பித்தளைக் குமிழ்களில் ஒன்று வரை ஒரு பாதை; அதில் சுவிட்ச் கிடையாது. மற்றொரு பின்னிலிருந்து சுவிட்ச் வழியாக அடுத்த குமிழ் வரை இன்னொரு பாதை. சுவிட்சை அணைத்தாலும் எந்தப் பாதையில் எண் மாறாமல் இருக்கிறதோ அதுதான் சுவிட்ச் இல்லாத பாதை என்று தெரிந்துகொள்ளலாம். இந்தப் பிரிப்பு ஏன் பயன்படுகிறது என்றால், சுவிட்ச் இல்லாத பாதையில் அறுபடுகிறதென்றால் அந்தப் பழுதில் சுவிட்சுக்குப் பங்கில்லை என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். அந்த விளக்கில் வயரை வளைத்தபோது அறுபட்டது சுவிட்ச் இல்லாத பாதைதான். ஆனால் வயரை அசைக்காமல் வைத்துக்கொண்டு மற்றப் பாதையை அளந்தபோது வேறொன்று வெளிப்பட்டது: பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் எண் வேறாக இருந்தது, ஒரு முறை 4 ஓம், மறுமுறை 15 ஓம், அடுத்த முறை ஒன்றுமே இல்லை. ஒன்றரை மீட்டர் செப்பு வயரின் தடை ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்தால் என்ன எண் வருகிறதோ, நல்ல பாதையிலும் அதையொட்டிய எண்தான் வர வேண்டும். அரை ஓமுக்கு மேல் கூடினாலே ஏதோ ஒரு முனை சரியில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆக அங்கே வயரும் சுவிட்சும் சேர்ந்தே போயிருந்தன, மாற்றப்பட்டதோ ஹோல்டர். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் உங்கள் விளக்கிலும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பழுது இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

மல்டிமீட்டரில் பீப் ஒலி எழுப்பும் நிலையை மட்டும் நம்பாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பெரும்பாலான மீட்டர்கள் முப்பது, நாற்பது ஓம் தடை இருந்தாலும் பீப் அடிக்கும். 15 ஓம் காட்டிய அந்தத் தேய்ந்த சுவிட்சும் பீப் சோதனையில் தேறியிருக்கும். வயர் அறுந்திருக்கிறதா என்பதற்கு பீப் போதும். சுவிட்ச் தேய்ந்திருக்கிறதா என்பதற்கு எண்ணைப் பார்க்க வேண்டும்.

இனி ஹோல்டர். நம் ஊரில் பழைய மேசை விளக்குகளில் பெரும்பாலும் இருப்பது பின் ஹோல்டர்தான். அதன் உள்ளே இரண்டு பித்தளைக் குமிழ்கள் ஸ்பிரிங்கின் மேல் நிற்கின்றன. பல்பின் அடியில் உள்ள இரண்டு ஈயப் பொட்டுகளை அவை அழுத்துகின்றன. பல்பை அழுத்தித் திருப்பும்போது நாம் எதிர்த்துத் தள்ளுவது இந்த ஸ்பிரிங்குகளைத்தான். பல்பை அதன் இடத்தில் பிடித்து நிறுத்துவதும் அவைதான். பல ஆண்டுகள் 60 வாட், 100 வாட் குண்டு பல்புகளின் சூட்டில் இருந்த ஸ்பிரிங் தன் விறைப்பை இழந்துவிடும். பிளக்கை உருவி, பல்பைக் கழற்றி, காய்ந்த மரக்குச்சி ஒன்றால் ஒவ்வொரு குமிழையும் அழுத்திப் பாருங்கள். பென்சிலைப் பயன்படுத்துவதாக இருந்தால் சீவாத முனையைப் பயன்படுத்துங்கள். கூர்முனையால் அழுத்தினால் கரி உதிர்ந்து குமிழ்களுக்கிடையே படியும், கரி மின்சாரத்தைக் கடத்தும். நல்ல குமிழ் அழுத்தியதும் உள்ளே போய், விட்டதும் சட்டென்று மேலே வரும். சோம்பலாக ஏறினாலோ, சாய்ந்து உள்ளேயே சிக்கிக்கொண்டாலோ, ஒன்று மற்றொன்றைவிடத் தாழ்ந்து நின்றாலோ அந்த ஹோல்டரின் ஆயுள் முடிந்துவிட்டது.

பல்பின் அடியையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஈயப் பொட்டில் ஊசியால் குத்தியதுபோல் கரிய குழிகள் இருந்தால் அங்கே பொறி பறந்திருக்கிறது. அது எந்தப் பொட்டில் இருக்கிறதோ அதற்கு நேர் மேலே இருந்த குமிழ்தான் குற்றவாளி. குழி விழுந்த பொட்டைச் சன்னமான எமரித் தாளால் தேய்த்துச் சமப்படுத்தலாம். ஆனால் ஹோல்டரை மாற்றாமல் பல்பை மட்டும் தேய்ப்பது சில வாரங்களுக்கான தீர்வுதான். பல்பை மாற்றிய பிறகு மினுக்கல் கூடியதாகச் சிலர் சொல்வதற்கும் இங்கே விடை இருக்கிறது. எல்இடி பல்பு குண்டு பல்பைவிடக் கனமானது. கனமான பல்பு, பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் மேசை விளக்கின் தலையில், தளர்ந்த ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்தால் தன் எடையாலேயே ஒரு பக்கம் சாய்ந்து ஒரு குமிழை விட்டு விலகும். குண்டு பல்பின் இழை கணநேரத் துண்டிப்பைத் தன் சூட்டிலேயே தாண்டிவிடும். மலிவான எல்இடி பல்பு அதே துண்டிப்பைக் கண்சிமிட்டலாகக் காட்டிவிடும். பழைய பல்போடு நன்றாகத்தானே இருந்தது என்று பல்பைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

மரை போட்ட ஹோல்டராக இருந்தால் குமிழ் இராது. அடியில் நடுவே ஒரு பித்தளை நாக்கு மட்டும் இருக்கும். பல்பை மிகவும் இறுக்கித் திருகுபவர்கள் வீட்டில் அந்த நாக்கு படிந்து போய்விடும். பிளக்கை உருவிய பிறகு மரக்குச்சியால் அதை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத் தூக்கிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த வகை ஹோல்டரில் பேஸ் வயர் நடு நாக்குக்குத்தான் வர வேண்டும், மரைக்கு வரக் கூடாது. வந்தால் பல்பைத் திருகும்போது விரல் பேஸைத் தொடும்.

ஹோல்டரின் மூடியைக் கழற்றினால் வயர் நுனிகளைப் பிடித்திருக்கும் இரண்டு சின்ன ஸ்குரூக்கள் தெரியும். அவற்றில் ஒன்று தளர்ந்திருப்பதாலேயே மினுக்கும் விளக்குகள் ஏராளம். வயர் நுனியில் ஈயம் பற்ற வைத்து ஸ்குரூவின் கீழ் இறுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது; பார்க்க நேர்த்தியாக இருந்தாலும் அது தவறான வேலை. ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும், அதனால் சில மாதங்களில் ஸ்குரூ தானாகவே தளர்ந்துவிடும். இழைகளை முறுக்கி, இரட்டையாக மடித்து, அப்படியே ஸ்குரூவின் கீழ் வைத்து இறுக்குவதுதான் நிற்கும்.

சுவிட்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் மோதிச் சேர்கின்றன. ஒவ்வொரு தடவையும் சிறு பொறி பறந்து அவை கருகுகின்றன. எல்இடி பல்பின் டிரைவரில் உள்ள கப்பாசிட்டர் சுவிட்ச் போட்ட கணத்தில் ஒரு பெரிய மூச்சாக மின்சாரத்தை இழுப்பதால், எடுக்கும் வாட் குறைவாக இருந்தாலும் பொட்டுகள் அரிக்கப்படுவது நின்றுவிடுவதில்லை. இரண்டு மூன்று தடவை அழுத்தினால்தான் எரிகிறது, பாதி அழுத்தத்தில் சீறும் ஒலி கேட்கிறது, பட்டனைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கிறது என்பவை தேய்ந்த சுவிட்சின் தெளிவான அடையாளங்கள். அதற்குள் தேங்காய் எண்ணெயோ துருநீக்கி ஸ்ப்ரேயோ விடுபவர்கள் உண்டு. எண்ணெய் கரியோடு குழைந்து மேலும் கருகும், அவ்வளவுதான். காண்டாக்ட் கிளீனர் சில நாள் பலன் தரும். ஆனால் இவ்வளவு மலிவான ஒரு பொருளைப் பிரித்துத் தேய்த்துப் பழுதுபார்ப்பதில் நான் பொருள் காணவில்லை. அதே துளைக்குள் பொருந்தும், 250 வோல்ட் என்று அச்சிட்ட வேறொன்றை வாங்கி மாட்டுங்கள். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டு போனால் அளவு பிசகாது.

அதிகக் கவனம் கேட்பது வயர்தான். விளக்கு வயருக்குள் இருப்பது ஒற்றைக் கம்பி அல்ல, 0.75 சதுர மில்லிமீட்டர் வயரென்றால் ஒவ்வொரு கோரிலும் இருபத்துச் சொச்சம் மெல்லிய செப்பு இழைகள் சேர்ந்திருக்கும். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வளையும்போது அவை ஒவ்வொன்றாக ஒடிகின்றன, மேலே இருக்கும் பிவிசி உறை முழுசாகவே இருக்கும். கடைசியில் இரண்டு மூன்று இழைகள் மட்டும் மிஞ்சும். அவையும் ஒடிந்த பிறகு, முனைகள் உறைக்குள் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் நிற்கும். அதுதான் தொட்டால் மினுக்கும் வயர். இது நடக்கும் இடங்கள் எப்போதும் ஒரு சிலதான்: பிளக்கின் கழுத்து, வயர் நடுவே சுவிட்ச் இருந்தால் அதன் இரண்டு பக்கமும், அடிப்பாகத்தின் துளை, தலை திரும்பும் மூட்டு. விரல்களால் தடவிக்கொண்டே வந்தால், உள்ளே செம்பு ஒடிந்த இடத்தில் வயர் மற்ற இடங்களைவிடத் துவண்டு, எதிர்ப்பில்லாமல் மடிவதை உணரலாம்.

அடிப்பாகத்தின் துளையில் ஒரு ரப்பர் வளையம் இருந்திருக்க வேண்டும். பழைய விளக்குகளில் அது காய்ந்து உதிர்ந்து போயிருக்கும், அதன் பிறகு தகட்டின் விளிம்பு கத்திபோல் உறையை அறுக்கத் தொடங்கும். நீங்கள் சொல்லும் பிய்ந்த இடம் அநேகமாக இதுதான். அதன்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றுவதைப் பழுதுபார்த்ததாக நான் எண்ணவில்லை. டேப் செம்பை மறைக்கும். ஒடிந்த இழைகளைச் சேர்க்காது, தகட்டின் விளிம்பையும் மழுக்காது, வெயில் காலத்தில் பசை இளகி நழுவவும் செய்யும். சேதம் பிளக்கை ஒட்டி இருந்தால், அதுவரை வெட்டி எறிந்துவிட்டுப் பிளக்கை மறுபடி மாட்டலாம். அடிப்பாகத்தின் அருகிலோ நடுவிலோ இருந்தால் வயரை முழுவதுமாக மாற்றிவிடுங்கள். பழைய வயரின் உறையை வளைத்துப் பார்த்து நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தாலும் அதே முடிவுதான், ஏனென்றால் வெளியே வெடித்த பிவிசி தண்டுக்குள்ளும் வெடித்துத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் என் பரிந்துரை, இரும்பு உடல் கொண்ட விளக்குக்கு இரண்டு கோர் வயரைத் திரும்பவும் போடாதீர்கள் என்பது. ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, உருண்டையான, 0.75 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் வயரும் 6 ஆம்பியர் மூன்று பின் பிளக்கும் வாங்குங்கள். பழைய வயரின் நுனியில் புது வயரை நூலால் கட்டி இழுத்தால் வளைந்த குழாய்க்குள் எளிதாக ஏறிவிடும். உருண்டை வயர் குழாயில் நுழையாத அளவுக்குக் குறுகலாக இருந்தால் அடிப்பாகம் வரை மட்டும் அதைக் கொண்டு வந்து, மேலே போவதற்கு இன்சுலேஷன் நல்ல தனி வயர்களை ஏற்றி, அடிப்பாகத்துக்குள் கனெக்டரில் இணைக்கலாம். துளையில் புது ரப்பர் வளையம் போட்ட பிறகே வயரை நுழையுங்கள். உள்ளே நுழைந்ததும், வெளியிலிருந்து யாராவது இழுத்தால் அந்த இழுப்பு ஸ்குரூக்கள் வரை போகாதபடி வயரில் ஒரு முடிச்சாவது, கிளாம்பாவது இருக்க வேண்டும். பழைய விளக்குகள் பலவற்றில் இது இல்லாததால்தான் மேசையிலிருந்து விளக்கை நகர்த்தும் ஒவ்வொரு தடவையும் சுவிட்ச் முனை இழுபட்டுத் தளர்கிறது.

பழுப்பு வயர் பேஸ், நீல வயர் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். பழைய நிற வழக்கில் சிவப்பு, கறுப்பு, பச்சை. சாக்கெட்டை நேரே பார்க்கும்போது மேலே இருக்கும் பெரிய துளை எர்த், வலது பக்கம் பேஸ், இடது பக்கம் நியூட்ரல். பிளக்குக்குள் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும், அவற்றைப் பார்த்தே இணைக்கலாம். மூன்று பின் பிளக்கைத் திருப்பிச் செருக முடியாது என்பதால், சுவிட்சைப் பழுப்பு வயரில் வைத்தால் அது எப்போதும் பேஸையே துண்டிக்கும், சாக்கெட் சரியாக வயர் செய்யப்பட்டிருக்கும் வரை. எர்த் வயரை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடுங்கள். வயர் பிடுங்கிக்கொள்ள நேர்ந்தால் எர்த் கடைசியாகத்தான் கழல வேண்டும். அதன் மறுமுனையை அடிப்பாகத் தகட்டில் ஒரு ஸ்குரூவோடு வளைய லக் போட்டு இறுக்குவதற்கு முன், அந்த இடத்துப் பெயின்டைச் சுரண்டி உலோகம் பளபளப்பாகத் தெரியும்படி செய்யுங்கள். பெயின்டின் மேல் இறுக்கிய எர்த் இருந்தும் இல்லாததுதான். தண்டும் தலையும் அடிப்பாகத்தோடு உலோகமாகத் தொடர்ந்திருக்கின்றனவா என்று மீட்டரால் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவே பிளாஸ்டிக் மூட்டு இருந்தால் தலைக்கும் தனியாக எர்த் கொடுக்க வேண்டும். உடல் முழுவதும் பிளாஸ்டிக்காக, சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி அச்சிட்ட விளக்குகளுக்கு இந்த எர்த் வேலை தேவையில்லை.

மூடிய பிறகு, செருகும் முன் மூன்று அளவுகள் பாருங்கள். பல்பைக் கழற்றிவிட்டு, சுவிட்சை எரியும் நிலையில் வைத்து, பேஸ் பின்னுக்கும் நியூட்ரல் பின்னுக்கும் இடையே மீட்டரின் மிக உயர்ந்த ஓம் ரேஞ்சில் எதுவும் காட்டக் கூடாது. அந்த இரண்டு பின்களிலிருந்தும் விளக்கின் உடலுக்கு அளந்தாலும் எதுவும் காட்டக் கூடாது. எர்த் பின்னிலிருந்து உடலின் எந்த உலோகப் பகுதிக்கு அளந்தாலும் அரை ஓமுக்குள் இருக்க வேண்டும். இவற்றை அளக்கும்போதே தலையைத் திருப்பியும் வயரை வளைத்தும் பாருங்கள். எண் ஒரு கணம் துள்ளினாலும் செருகாதீர்கள், மறுபடி பிரியுங்கள். மூன்றும் சரியென்றால் எல்இடி பல்பை மாட்டி எரியவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் பிளக்கையும் சுவிட்சையும் வயரின் வெளியுறையையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். 9 வாட் பல்பு 0.1 ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். இந்த மூன்றில் எதுவும் அறையின் வெப்பத்தைவிடச் சூடாக இருக்கக் காரணமே இல்லை. ஹோல்டரின் கூடு மட்டும் பல்பின் சூட்டால் இளஞ்சூடாக இருக்கலாம்.